தண்ணீர் தாங்கிய மேடு: பீட் நிலம் ஏன் எரிகிறது, ஏன் தாழ்கிறது?

இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில், சபாங்காவ் ஆற்றங்கரையிலிருந்து காட்டுக்குள் நடப்பவருக்குத் தாம் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருப்பதே தெரியாது. ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் ஏறுவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான். காலடியில் இருப்பதை மண் என்று சொல்ல முடியாது. வேரும் மரத்துண்டும் பாதி மக்கிய இலையும் கலந்த பழுப்பு நிறப் பொதி அது. மிதித்தால் தண்ணீர் கசியும். பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருக்கும். ஒரு நீளமான இரும்புக் கம்பியை அதற்குள் இறக்கினால் கல்லோ மணலோ தட்டுப்படாமல் இறங்கிக்கொண்டே போகும். அடியில் உள்ள களிமண்ணையோ மணலையோ தொட சில இடங்களில் பத்து மீட்டர் ஆகும்.

அந்தப் பத்து மீட்டர் முழுவதும் பீட். நம் பள்ளிப் புத்தகங்கள் இதை முற்றா நிலக்கரி என்கின்றன. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சதுப்பில் பீட்டாகக் கிடந்ததுதான். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொல் வேறு வழியில் அறிமுகம். கோகோபீட் என்ற பெயரின் பின்பாதி இதிலிருந்து வந்தது. ஐரோப்பிய நாற்றங்கால்களில் பீட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தத்தான் பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவு கட்டிகளாகிக் கப்பலேறுகிறது.

இந்தக் கட்டுரை கலிமந்தானின் அந்த மேட்டைப் பற்றியது. அது எப்படி உருவானது, 1996-இல் அதன் குறுக்கே கால்வாய் வெட்டியபோது என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பீட் நிலம் எரிகிறது, பீட் நிலம் தாழ்கிறது என்று செய்திகள் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கின்றன. உண்மையில் இரண்டும் ஒரே காரியம்தான்; ஒன்று வேகமாக நடக்கிறது, மற்றது மெதுவாக. அது புரிய வேண்டுமானால் முதலில் அந்த மேடு எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டும்.

சாதாரணமான ஒரு மழைக்காட்டில் இலை விழுந்தால் அது ஓராண்டு தாங்குவதே பெரிது. பூஞ்சையும் கரையானும் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்த்துவிடும். இலையில் இருந்த கார்பன் திரும்பவும் காற்றுக்கே போய்விடும். அதனால்தான் எவ்வளவு செழிப்பான காடாக இருந்தாலும் அதன் மேல்மண் கையளவு ஆழத்துக்கு மேல் கறுப்பாக இருப்பதில்லை.

இந்த வேலை நடக்க ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய நிலத்தில் அதற்குத்தான் பஞ்சம். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், அசையாத தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மேலிருந்து இறங்கும் கொஞ்சத்தையும் மேல்மட்டத்து நுண்ணுயிர்களே இழுத்துக்கொள்கின்றன. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போனாலே ஆக்சிஜன் இல்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்கத் தெரிந்தவை பெரும்பாலும் பூஞ்சைகள். ஆக்சிஜன் இல்லாமல் அவற்றால் வேலை செய்ய முடியாது.

இதோடு இன்னொரு பூட்டும் சேர்ந்துகொள்கிறது. தாவரக் கழிவிலிருந்து பீனால் வகைப் பொருள்கள் கரைந்து வருகின்றன. தண்ணீருக்குத் தேநீர் நிறம் தருபவற்றில் இவையும் உண்டு. இவற்றைச் சிதைக்கும் நொதி வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் இல்லாததால் பீனால்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. சேர்ந்தவை, ஆக்சிஜன் இல்லாமலும் வேலை செய்யக்கூடிய மற்ற நொதிகளையும் முடக்கிவிடுகின்றன. ஆக, ஒரு நொதி நின்றதும் அதன் பின்னால் இருந்த வரிசை முழுவதும் நின்றுவிடுகிறது. பிரிட்டனில் கிறிஸ் ஃப்ரீமனும் அவருடைய சகாக்களும் 2001-இல் இதை எடுத்துக்காட்டி, நொதித் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். தாழ்ப்பாளைத் திறக்கப் பெரிய சாவி எதுவும் தேவையில்லை, காற்று உள்ளே போனால் போதும்.

அமிலத் தன்மையும் உதவுகிறது. இந்த மேட்டுக்கு ஆற்று நீர் வந்து சேர்வதில்லை, மழை மட்டும்தான். அமிலத்தைச் சமன் செய்யும் சுண்ணாம்புச் சத்தும் இல்லை, நுண்ணுயிர்களுக்குத் தேவையான மற்ற சத்துகளும் இல்லை. நீரின் pH அளவு நான்கையொட்டி அல்லது அதற்கும் கீழே நிற்கிறது.

இத்தனை தடைகள் இருந்தும் பெரும்பகுதிக் கழிவு மக்கத்தான் செய்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் கொஞ்ச நாளிலேயே இலைகளில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். தப்பிப் பிழைத்துக் கீழே போவது சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் சேர்கிறது. சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், பல இடங்களில் குறைவு. ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ பத்துத் தாளின் தடிமன்தான். ஆனால் ஆயிரம் ஆண்டில் அது ஒரு மீட்டர். சபாங்காவ் மேட்டின் அடிப்பகுதியை ஆய்வு செய்தபோது அதன் வயது ஏறத்தாழ 26,000 ஆண்டு என்று தெரிந்தது. நம் நீலகிரியிலும் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் இப்படிப் பழைய பீட் உண்டு. மெல்லிய படிவுதான், ஆனால் இருபதாயிரம் ஆண்டு கால மழையும் வறட்சியும் அதில் பதிவாகியிருப்பதை 1993-இல் இந்திய ஆய்வாளர்கள் படித்துச் சொன்னார்கள்.

எதனால் சேர்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அயர்லாந்து, ரஷ்யா, கனடா போன்ற குளிர்நாடுகளில் ஸ்ஃபாக்னம் என்ற பாசிதான் முக்கியக் கட்டுமானப் பொருள். கலிமந்தானில் மரம். உயரமான மரங்கள் பீட்டின் மேலேயே நின்று வளர்கின்றன; அவற்றின் வேரும் கிளையும் இலையும்தான் அடுத்த அடுக்கு.

சரி, தண்ணீர் தேங்கும் இடம் பள்ளமாகத்தானே இருக்க வேண்டும், மேடு எப்படி வந்தது? பீட் தன்னுடைய தண்ணீரைத் தானே தூக்கிக்கொண்டு வளர்வதால்தான். முதலில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு தாழ்வான இடத்தில் சேர ஆரம்பிக்கிறது. சேர்ந்த அடுக்கு மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்துக்கொள்கிறது. ஓரங்களில் ஆற்றை நோக்கி நீர் வடிந்துவிடும். நடுவில் வடிய நேரம் ஆகும். அதனால் நடுவில் நீர்மட்டம் சற்று உயர்ந்து நிற்கும், அங்கே பீட் சற்று வேகமாகச் சேரும், சேர்ந்ததும் நீர்மட்டம் இன்னும் கொஞ்சம் உயரும். பல ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, ஆற்று மட்டத்தைவிடப் பல மீட்டர் உயர்ந்த ஒரு கவிழ்த்த தட்டு போன்ற மேடு. அதன் உச்சியிலும் நீர்மட்டம் தரையை ஒட்டியே இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு அவசியம். வடிக்கப்படாத பீட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கன மீட்டர் பீட்டை வெட்டியெடுத்து முழுக்கக் காயவைத்தால் ஏறத்தாழ நூறு கிலோ உலர்ந்த பொருள்தான் மிஞ்சும். சாதாரண வயல் மண்ணில் அதே ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் வரும். அந்த நூறு கிலோவில் பாதிக்கு மேல் சுத்தமான கார்பன். ஆகவே பீட் மேட்டை ஈரமான மண் என்று நினைப்பது தவறு. அதைத் தண்ணீரால் ஆன மேடு என்றும், நடுவில் ஊடும்பாவுமாகக் கொஞ்சம் தாவர நார் இருந்து அந்தத் தண்ணீரை நிற்க வைக்கிறது என்றும் நினைத்தால் பின்னால் நடந்தது எல்லாம் எளிதாகப் புரியும்.

இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. பத்தாண்டுக்குள் மறுபடியும் இறக்குமதி செய்யும் நிலைமை வந்தது. ஜாவாவின் வயல்கள் வீடுகளாகவும் ஆலைகளாகவும் மாறிக்கொண்டிருந்தன. 1995 டிசம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை போட்டார். மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல் வயலாக்க வேண்டும். மெகா ரைஸ் திட்டம் என்று உலகம் அறிந்தது இதைத்தான். 1996-இல் எந்திரங்கள் இறங்கின. இரண்டு மூன்று ஆண்டுகளில் 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஜாவாவிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேற்றப்பட்டன.

அந்தப் பகுதிக்கு நெல் புதிதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பஞ்சார், டயாக் மக்கள் தலைமுறைகளாக ஆற்றோரத்தில் நெல் விளைவித்தவர்கள். ஆற்றிலிருந்து உள்நோக்கிச் சிறிய வாய்க்கால் வெட்டுவார்கள். அதற்கு ஹண்டில் என்று பெயர். கடல் ஓதத்தில் ஆறு ஏறி இறங்கும்போது ஹண்டிலில் நன்னீர் ஏறும், அமில நீர் வெளியேறும். ஆனால் அவர்கள் பீட் மெல்லியதாக இருக்கும் இடத்தோடு நின்றுகொண்டார்கள். ஆழமான பீட்டுக்குள் ஹண்டிலைக் கொண்டுபோவதில்லை. உள்ளே மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் போவார்களே தவிர உழுவதற்குப் போனதில்லை. திட்டம் போட்டவர்கள் இந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. வரைபடத்தில் தட்டையாகத் தெரிந்த இடத்தில் நேர்கோட்டில் கால்வாய் வரைந்தார்கள். அந்தக் கோடுகள் பீட் மேடுகளின் நடு முதுகின் மேலேயே ஏறி இறங்கின. எனக்கு இந்தக் கதையில் மனம் ஆறாத இடம் இதுதான். கம்பியை இறக்கி ஆழம் பார்க்க ஒரு நாள் போதும்.

மேட்டின் உச்சியில் வெட்டிய கால்வாய் நீரை உள்ளே கொண்டுவராது. தண்ணீர் மேட்டில் ஏறாது அல்லவா? அது வெளியேற்றும் வேலையை மட்டும்தான் செய்யும். பாசனத்துக்கு என்று வெட்டியவை வடிகால்களாகிவிட்டன. பீட்டின் மேலடுக்கு மிகவும் பொறுபொறுப்பாக இருப்பதால் கால்வாயின் இரு பக்கமும் வெகுதூரத்துக்கு நீர் வடிந்தது. கோடையில் நீர்மட்டம் தரைக்குக் கீழே ஒரு மீட்டர், அதற்கும் மேல் இறங்கியது. நெல்லும் விளையவில்லை. அமிலம் அதிகம், சத்து இல்லை. சில இடங்களில் அடியில் கிடந்த களிமண்ணில் பைரைட் இருந்தது. காற்று பட்டதும் அது கந்தக அமிலத்தைக் கக்க ஆரம்பித்தது. 1999-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கால்வாய்கள் அங்கேயேதான் இருந்தன.

இனி தாழ்வதைப் பார்ப்போம். நீர் வடிந்ததும் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, வெறும் எடை. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த மேலடுக்கு இப்போது தன் பாரத்தைக் கீழடுக்கின் மேல் இறக்குகிறது, கீழடுக்கு நசுங்குகிறது. இரண்டாவது, காய்ந்த நார் சுருங்குகிறது. இவை இரண்டும் முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மூன்றாவதுதான் முடியாதது. காற்று புகுந்துவிட்டது, தாழ்ப்பாள் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காத்திருந்த இரையைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் தின்ன ஆரம்பிக்கின்றன. தின்றது கார்பன் டை ஆக்சைடாக மேலே போகிறது. அந்த அளவுக்குத் தரை இல்லாமல் போகிறது. ஆம், பீட் தாழும்போது நிலம் கீழே எங்கோ புதைவதில்லை, காற்றில் கலந்து போய்விடுகிறது.

சுமத்ராவில் பீட் மேல் போட்ட தோட்டங்களில் 2012 வாக்கில் வெளியான அளவீடுகள், நீர் வடித்த முதல் ஐந்து ஆண்டில் தரை ஏறத்தாழ 1.4 மீட்டர் தாழ்ந்ததையும், அதன்பின் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்று தொடர்ந்ததையும் காட்டின. இதை கார்பனாக மாற்றிப் பார்ப்பது எளிது. ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் பீட் மக்கிப் போனதென்று வைத்துக்கொள்வோம். அது நூறு கன மீட்டர். கன மீட்டருக்கு நூறு கிலோ என்றால் பத்து டன் உலர்ந்த பொருள். அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது ஐந்தரை டன், கார்பன். கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் இருபது டன். வெறும் ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு. தாழ்ந்த 5 சென்டிமீட்டரும் மக்கியதால் மட்டும் வந்ததில்லை, சுருங்கியதன் பங்கும் அதில் உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆண்டுக்கு, ஹெக்டேருக்குப் பல பத்து டன் என்றுதான் வருகிறது. வெப்ப நாட்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் சூட்டில் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும்.

கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. பீட்டில் நட்ட எண்ணெய்ப்பனை மரங்கள் சாய்ந்து நிற்கும். நட்டபோது மண்ணுக்குள் இருந்த வேர் இப்போது முழங்கால் உயரத்தில் வெளியே தெரியும். கடினமான தூண் நட்டுக் கட்டிய வீட்டுக்கு ஆண்டுக்கு ஆண்டு வாசற்படி போதாமல் போகும்.

இதற்கு உலகத்திலேயே தெளிவான சாட்சி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் நிற்கிறது. 1851-இல் விட்டில்ஸி என்ற பெரிய ஏரியை நீராவி எந்திரத்தால் இறைத்து வற்ற வைத்தார்கள். அந்தப் பகுதியின் நிலக்காரருக்கு, நீர் போனால் பீட் தாழும் என்ற சந்தேகம் இருந்தது. பக்கத்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில், பீட்டுக்கு அடியில் உள்ள களிமண்ணில் ஊன்றி ஓர் இரும்புத் தூணை நட்டு, அதன் உச்சியைத் தரை மட்டத்துக்குச் சமமாக வைத்தார்கள். பத்தாண்டுக்குள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூண் வெளியே வந்துவிட்டது. இன்று அது ஆள் உயரத்தைப்போல இரு மடங்குக்கும் மேல், நான்கு மீட்டர், தரைக்கு மேலே நிற்கிறது. அந்த இடம் இப்போது கடல் மட்டத்துக்கும் கீழே. பம்பு நின்றால் வெள்ளம்.

கலிமந்தானின் தாழ்ந்த பகுதிகளுக்கும் இதே கணக்குக் காத்திருக்கிறது. தரை தாழத் தாழ, கால்வாயின் ஆழம் போதாமல் பயிரின் வேர் மறுபடி நனையும். தோட்டக்காரர் கால்வாயை இன்னும் ஆழமாக வெட்டுவார், தரை இன்னும் தாழும். ஒரு கட்டத்தில் ஆற்று மட்டத்துக்குத் தரை வந்து நிற்கும். அதன்பின் வெட்டுவதற்கு ஆழமும் இருக்காது, மழைக்காலத்தில் தண்ணீர் வடிவதற்கு வழியும் இருக்காது.

இப்போது நெருப்பு. தொடாத பீட்டில் உலர்ந்த நாரின் எடையைப்போல ஒன்பது மடங்கு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தோம். அதில் கொள்ளிக்கட்டையையே போட்டாலும் அணைந்துவிடும். ஆனால் தண்ணீரின் எடை குறைந்து குறைந்து, நாரின் எடைக்கு ஏறத்தாழச் சமம் என்ற அளவுக்கு வந்துவிட்டால், பீட் தானாகக் கனன்றுகொண்டே போக முடியும். கால்வாய் வடித்த நீரும் எல் நினோ ஆண்டின் நீண்ட கோடையும் சேர்ந்தால் மேல் அரை மீட்டர் அந்த நிலைக்கு வந்துவிடுகிறது.

தீ பெரும்பாலும் மேலேதான் தொடங்கும். நிலத்தைச் சுத்தம் செய்ய யாரோ சருகுக்கு வைத்த தீ, அல்லது அணைக்காமல் விட்ட அடுப்பு. மேலே சுவாலை ஓடிவிடும். சில இடங்களில் மட்டும், ஒரு கட்டையின் அடியிலோ வேர் ஓட்டையிலோ கங்கு உட்கார்ந்து கீழே இறங்கும். அங்கே நடப்பது சுவாலை இல்லாத எரிதல். தணல் என்று நாம் சொல்வது. நெல் உமிக் குவியலில் தீ வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: வெளியே கறுப்பாக இருக்கும், மெல்லிய புகை மட்டும் வரும், கையை விட்டால் உள்ளே சிவப்பு. பீட்டிலும் அதேதான். வெப்பம் 500 முதல் 700 டிகிரி வரை. தணல் நகரும் வேகம் மிகக் குறைவு, மணிக்குச் சில சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஆனால் தன் சூட்டாலேயே அடுத்த அடுக்கின் ஈரத்தைக் காயவைத்து, காய்ந்ததை எரித்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நகரும். பொறுபொறுப்பான பீட்டுக்குள் தேவையான காற்று ஏற்கெனவே இருக்கிறது.

அடையாளங்கள் உண்டு. தரைப் பிளவுகளிலிருந்து கசியும் வெண்புகை. நெருப்பே தெரியாத இடத்தில் மரம் வேரோடு சாய்வது, ஏனென்றால் வேர் நின்ற இடமே எரிந்துவிட்டது. மேலே உறுதியாகத் தெரியும் தரையில் கால் வைத்தால் சாம்பல் குழிக்குள் இறங்கிவிடும். தீயணைப்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். செயற்கைக்கோள் சுவாலையின் சூட்டைப் பார்த்துப் புள்ளி வைக்கிறது. ஆழத்துத் தணலை அது பல நேரம் தவறவிடும். வரைபடத்தில் புள்ளி குறைந்ததால் தீ குறைந்தது என்று சொல்லிவிட முடியாது.

தண்ணீர் ஊற்றினால் அணையாதா? இங்கேதான் பீட் நம்மைக் கைவிடுகிறது. பூந்தொட்டியில் நாள்கணக்கில் தண்ணீர் விடாமல் விட்டு, பிறகு ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடும். கடுமையாகக் காய்ந்த பீட் அதைவிட மோசமாகத் தண்ணீரை ஒதுக்குகிறது. சில நேரம் அந்தக் குணம் திரும்புவதே இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து கொட்டும் தண்ணீர் மேலே ஆவியாகும், அல்லது பிளவு வழியே ஓடிவிடும். பக்கத்தில் தணல் அப்படியே இருக்கும். நுனியில் துளையிட்ட நீளக் குழாயைத் தரைக்குள் செருகி, அழுத்தத்தோடு நீரைப் பாய்ச்சி, சகதியாகும்வரை கிளற வேண்டும். ஒரு சிறிய இடத்துக்கே பெரும் அளவு தண்ணீர் செலவாகும். கோடையில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? கால்வாயே வற்றிக் கிடக்கும். கடைசியில் பெரும் தீயை அணைப்பது பருவமழைதான், அதுவும் நீர்மட்டம் மேலே ஏறிய பிறகு.

மெகா ரைஸ் கால்வாய்களை வெட்டிக்கொண்டிருக்கும்போதே 1997-இல் வலுவான எல் நினோ வந்தது. சூசன் பேஜும் அவருடைய குழுவும் மத்திய கலிமந்தானில் 25 லட்சம் ஹெக்டேர் பரப்பைச் செயற்கைக்கோள் படங்களோடு தரையிலும் அளந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பரப்பில் 32 விழுக்காடு எரிந்திருந்தது. எரிந்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பீட் நிலம். சராசரியாக 51 சென்டிமீட்டர் பீட் எரிந்து போயிருந்தது. மில்லிமீட்டர் கணக்கில் சேர்ந்த பொருள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், சுமார் ஐந்நூறு ஆண்டுச் சேமிப்பு சில மாதங்களில் போய்விட்டது. நாம் முன்பு போட்ட கணக்கின்படி ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு டன்னையொட்டிய கார்பன். இந்தோனேசியா முழுவதற்கும் அவர்கள் மதிப்பிட்ட அளவு 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை கார்பன். அன்றைக்கு உலகம் ஓராண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாம் எரித்து வெளியிட்டதில் இது 13 முதல் 40 விழுக்காடு.

தணல் முழுமையாக எரியாத நெருப்பு என்பதால் அதன் புகை சுவாலையின் புகையைவிடக் கெட்டது. கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் அதில் மிக அதிகம். சுவாலையின் புகை சூட்டால் உயரே போய்விடும். தணல் புகை தரையை ஒட்டிப் படர்ந்து காற்றோடு நகரும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் புகைமூட்டம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 2015 செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் பள்ளிகளையே மூடினார்கள். அந்த ஆண்டு இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, மத்திய கலிமந்தானின் தலைநகரான பாலங்காராயாவில் பகலிலேயே தெரு மஞ்சளாகி, சில பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போனது. பழைய மெகா ரைஸ் பரப்பும் அந்தத் தீயில் திரும்ப எரிந்தது. ஒரு முறை எரிந்த இடத்தில் காடு உடனே வருவதில்லை. பெரணியும் புதரும்தான் வரும். அவை கோடையில் சீக்கிரம் காயும், நிழலும் தராது. அதனால் எரிந்த இடமே மறுபடி எரிகிறது.

2016-இல் இந்தோனேசிய அரசு பீட் மீட்புக்கென்று தனி முகமை அமைத்தது. விவசாயம் நடக்கும் பீட்டில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்பதும் சட்டமாக இருக்கிறது. முக்கிய வேலை, கால்வாயை அடைப்பது. உள்ளூர்க்காரர்கள் தடுப்பைத் தாபாட் என்கிறார்கள். கெலாம் என்ற மரத்தின் கழிகளை இரு வரிசையாக நட்டு, நடுவில் மண் மூட்டைகளை அடுக்கி, மேலே பீட்டைக் கொட்டுவார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இருபுறமும் நீர்மட்ட வித்தியாசம் கூடிவிட்டால் தண்ணீர் தடுப்பைச் சுற்றியோ அடியிலோ பீட்டைக் கரைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கும். அதனால் ஒவ்வொரு தடுப்பும் இருபது, முப்பது சென்டிமீட்டர்தான் தாங்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு நான்கைந்து தடுப்பாவது தேவை. நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம், இத்தனை ஆண்டில் கால்வாய்கள் ஊர்ச் சாலைகளாகிவிட்டன. மரத்துக்கும் மீனுக்கும் படகில் போகிறவர் தன் வழியில் நிற்கும் தடுப்பில் ஒரு பலகையை எடுத்துவிடுவதை எப்படிக் குற்றம் சொல்வது? படகு போக இடம் விட்டுக் கட்டியவைதான் நிலைத்திருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கால்வாய்க்குப் பக்கத்தில் தரை அதிகமாகத் தாழ்ந்து, தள்ளி நடுவில் குறைவாகத் தாழ்ந்ததால், பழைய ஒரே மேடு இப்போது சின்னச் சின்ன மேடுகளாக உடைந்திருக்கிறது. கால்வாயில் நீரை நிறுத்தினாலும் அது இந்தச் சிறு மேடுகளின் உச்சிக்கு ஏறாது. கால்வாயோரம் வெள்ளமாகவும் நடுவில் காய்ந்தும் கிடக்கும். ஈரமாக்கிய இடத்திலிருந்து மீத்தேன் கொஞ்சம் கூடுதலாக வரும் என்பதும் உண்மை. ஆனால் வடிந்த பீட் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் கலிமந்தானில் அது சிறியது. தடுப்பால் எரிவது குறையும், தாழ்வது மெதுவாகும். போன அரை மீட்டரைத் தடுப்பு திருப்பித் தராது. அதற்கு மரமும் தண்ணீரும் ஐந்நூறு ஆண்டும் வேண்டும். இதற்கு நடுவில், 2020-இல் அதே பழைய பரப்பின் சில பகுதிகளில் அரசு மீண்டும் நெல் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் கருவி மிகவும் எளிமையானது. பக்கவாட்டில் துளையிட்ட ஒரு பிவிசி குழாயைப் பீட்டின் அடிவரை இறக்கி, கீழே உள்ள களிமண்ணில் ஊன்றுகிறார்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து இரண்டு அளவு எடுப்பார். குழாய்க்குள் நாடாவை இறக்கி, தரையிலிருந்து எவ்வளவு கீழே நீர் நிற்கிறது என்று ஓர் அளவு. குழாயின் வாயிலிருந்து தரைவரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று இன்னோர் அளவு. முதல் அளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால், கோடை வந்ததும் அந்த இடத்தில் காவல் போட வேண்டும். இரண்டாவது அளவு கூடுகிறதென்றால் குழாய் உயரவில்லை, தரை போய்க்கொண்டிருக்கிறது. ஹோம் ஃபென்னில் 1851-இல் நட்ட தூண் காட்டுவதும் இதே அளவைத்தான்.